கட்டிலருகில் எடுத்த படம்

ஒரே மனிதரின் மார்பை ஒரே வாரத்தில் இருமுறை எக்ஸ்ரே எடுத்து, இரு படங்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்போர், இவை இருவருடைய படங்களோ என்று ஐயுறுதல் இயல்பே. ஒன்று அவர் தாமே நடந்துவந்து எக்ஸ்ரேப் பகுதியில் நின்று எடுத்துக்கொண்டது. மற்றையது, சக்கரம் பூட்டிய பொறியை வாட்டுக்குத் தள்ளிச் சென்று, அவர் படுத்த படுக்கையிலேயே எடுத்தது. பல்லாண்டுகளாக இவ்விருவகைப் படங்களையும் வாசித்து வரும் நாம், அவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கின்றது என்பதை ஒரு நோயாளியின் கதை கொண்டு சொல்லப் புகுகின்றோம்.

அவர் அறுபது வயது கடந்தவர். வயிற்றிலே சத்திரசிகிச்சை பெற வந்தவர். அனுமதித்த நாளில் எக்ஸ்ரேப் பகுதியில் எடுத்த படத்தில் அவரது இதய நிழலின் அகலம் ஏறத்தாழ 13.5 சென்ரிமீற்றர், மார்பின் உள்ளகலம் 30 சென்ரிமீற்றர். இதயம் மார்பின் பாதியகலத்தைத் தாண்டாதிருத்தல் வளர்ந்தோர்க்குரிய பொதுவிதியாதலின், அவரது இதயம் குறைவற்றதே. சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், உணவு செலுத்தவென மூக்கின் வழியாக ஒரு குழாயை இட்டனர். அக்குழாயின் நுனி எங்கே நிற்கின்றது என்று அறியவே கட்டிலருகிற் படம் எடுக்கப்பட்டது. அப்படத்திலோ இதயம் 16.5, மார்பு 31.5. பாதியைத் தாண்டிவிட்டது! மேற்பகுதி இரத்தக் குழாய்கள் பருத்திருந்தன. வலப்பக்கம் முழுவதும் மங்கலாக வெளுத்திருந்தது. இதயம் தளர்ந்து நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்று இளம் வைத்தியர் அஞ்சினார். நீரிறக்கும் ஊசிமருந்தும் ஆயத்தமாயிற்று. வெளியே காத்து நின்ற மகனுக்கும் செய்தி எட்டிவிட்டது.

கல்லூரி ஆய்வுகூடத்தில் மெழுகுதிரி கொளுத்தி நிழல் ஆராய்ந்த எவர்க்கும் இதன் முதற்காரணம் எளிதில் விளங்கும். பொருள் திரையை நெருங்கினால் நிழல் அதன் மெய்யளவை ஒட்டி நிற்கும். திரையை விட்டு விலகினாலோ, விளக்கை நெருங்கினாலோ, நிழல் பெருக்கும். இதயம் மார்பின் முன்புறத்தில் இருப்பது. எக்ஸ்ரேப் பகுதியில் நோயாளி தம் மார்பைப் பலகையோடு சேர்த்து நிற்க, கதிர் முதுகின் வழியே 180 சென்ரிமீற்றர் தொலைவிலிருந்து வருகின்றது. இதயம் பலகையிலிருந்து ஏறத்தாழ 6 சென்ரிமீற்றரே விலகியிருக்கும். கட்டிலிலோ பலகை முதுகின் கீழே கிடக்க, கதிர் முன்னிருந்து, பெரும்பாலும் 100 சென்ரிமீற்றர் அளவிலேயே வருகின்றது. கட்டிலின் மேல் அதற்கு மேற் பொறியின் கையை உயர்த்துவது அரிது. இப்போது இதயம் பலகையிலிருந்து 15 சென்ரிமீற்றர் அளவு விலகிவிடுகின்றது.

கணக்கிட்டுப் பார்ப்போம். மெய்யகலம் 13 சென்ரிமீற்றரான இதயத்தை முதல் முறையில் 180ஐ 174ஆல் வகுத்துப் பெருக்க, ஏறத்தாழ 13.5 கிடைக்கும். இரண்டாம் முறையில் 100ஐ 85ஆல் வகுத்துப் பெருக்க, 15.3 ஆகும். மார்புக்கூட்டின் அகன்ற பகுதி நடுவே இருப்பதால் அது அவ்வளவு பெருப்பதில்லை. ஆயினும் நிழற்கணக்கு மட்டும் நம் நோயாளியின் இதயத்தைப் பாதிக்கு அப்பால் தள்ளவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். 15.3க்கும் 16.5க்கும் இடையே உள்ள எச்சத்தைத் தந்தவை படுக்கையும் குறைமூச்சும் ஆகும். புண்பட்ட வயிற்றோடு கிடப்பவரை "மூச்சை நன்றாக இழுத்து அடக்குங்கள்" என்றால் அவர் என் செய்வார்? பிரிமென்றகடு மேலே நின்றுவிட, அதன்மீது இதயம் குறுக்கே சாய்ந்து அகலுகின்றது. அவரது படத்தில் முதுகுப்புற விலா எட்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. முந்திய படத்திற் பத்து எண்ணலாம்.

மேற்பகுதிக் குழாய்கள் பருத்ததற்கும் படுக்கையே போதிய காரணம். நிற்கும்போது இரத்தம் நுரையீரலின் அடியில் மிகுந்து ஓடும். படுத்தால் மேலும் கீழும் சமமாகிவிடும். ஆதலால் நின்றவர்க்குரிய அவ்வடையாளம் படுத்தவர்க்குப் பொருந்தாது.

வலப்பக்கத்து வெளுப்பே நம்மைச் சற்று நிறுத்திற்று. படுத்திருப்பவரின் மார்பில் நீர் இருந்தால் அது நுரையீரலின் பின்னே பரந்து, இவ்வாறே மெல்லிய திரைபோலத் தோன்றக்கூடும். ஆனால் அப்படத்தில் விலாவுக்கு வெளியே, அக்குளின் தசையும் வலப்பக்கத்தில் மட்டும் வெளுத்திருந்தது. நெஞ்சுக்குள் உள்ள நீர் அக்குளை வெளுப்பிக்காது. சிதறும் கதிர்களைத் தடுக்கப் பலகையின் மேல் வைக்கும் ஈயக் கீற்றுத் தட்டி, மெத்தையின் பள்ளத்திற் சரிந்து போய், ஒரு பக்கத்து நேர்க்கதிரையும் சேர்த்து மறித்துவிட்டது. (அத்தட்டியே வேண்டாமென்று விட்டுவிட்டாலோ சிதறுகதிர் படம் முழுவதையும் பனிமூட்டம்போல மூடும். வாட்டிலே வேலை செய்யும் றேடியோகிராபரின் பாடு, அறியாதார் எண்ணுவது போன்று எளிதன்று.) இக்காலத்துப் படம் கணினியில் தோன்றுவது; கணினி ஒளியைத் தானே சமப்படுத்திவிடுவதால், கதிர் குறைந்த படமும் அழகாகவே காட்சி தரும். மணல் தூவியதுபோன்ற பொருக்கு ஒன்றே குறையைக் காட்டிக் கொடுக்கும்.

இவ்வளவும் பேசியபின்னரே, படம் எதற்காக எடுக்கப்பட்டதோ அதனை எவரும் பார்க்கவில்லை என்பது தெரியவந்தது. உணவுக்குழாய் வழியே செல்லும் குழாய் மார்பின் நடுவே நேராக இறங்கி, வாதனாளி இரண்டாகப் பிரியும் இடத்தையும் கடந்து, பிரிமென்றகட்டின் கீழே இடப்பக்கம் திரும்புதல் வேண்டும். இவரது குழாயோ அப்பிரிவிலேயே வலப்புறம் வளைந்து நுரையீரலுட் புகுந்திருந்தது. மயக்க மருந்தின் தளர்ச்சியால் அவர் இருமவுமில்லை. கட்டிற்படம் ஐயமின்றிச் சொல்ல வல்லது இத்தகையதைத்தான். பெருப்பும் மங்கலும் குழாயின் பாதையை மாற்றுவதில்லை. நல்ல வேளையாக, அக்குழாயில் ஒரு துளி பாலும் இன்னும் விடப்படவில்லை.

தாதி குழாயை உடனே எடுத்துவிட்டார். அத்தோடு அமைதியுற முடியாது. குழாய் நுரையீரலைக் குத்திக் காற்றுக் கசிந்திருக்குமோ என்பது அடுத்த வினா. இங்கேதான் படுக்கைப் படம் பெரிதும் ஏமாற்றும். நின்றவரின் மார்பில் கசிந்த காற்று உச்சியிற் சேர்ந்து மெல்லிய வெண்கோடொன்றைக் காட்டும்; படுத்தவரின் காற்றோ முன்புறத்தில் அடிப்பக்கமாகத் தேங்கி, கோடேதும் காட்டாது மறைந்திருக்கலாம். பிரிமென்றகட்டின் ஓரக்கோணம் ஒரு பக்கத்தில் மட்டும் கருத்து ஆழ்ந்து தோன்றுதலே பலவேளை கிடைக்கும் ஒரே குறிப்பாகும். இதற்கு மாறாக, முதுகுத்தோலின் மடிப்பொன்று பலகையில் அழுந்திக் காற்றின் எல்லைபோல நடிப்பதும் உண்டு. மடிப்பாயின் இரத்தக் குழாய்களின் நிழல் அதற்கு அப்பாலும் தொடரும். பல சமயம் அவ்விளிம்பே விலாவைத் தாண்டி வெளியே ஓடும்.

ஆதலின் அவரைத் தலையணை கொடுத்து நிமிர்த்தி இருத்தி, பலகையையும் தட்டியையும் நேராக்கி, மீண்டும் படம் எடுக்கச் சொன்னோம். ஒலியலைக் கருவியாலும் மார்பைப் பார்த்தோம். நுரையீரலின் மேற்பரப்பு மூச்சுக்கு மூச்சு வழுகிச் செல்வது இருபுறமும் தெரிந்தது. காற்று இல்லை. புதிய படத்தில் வலப்பக்க வெளுப்பும் அக்குள் வெளுப்பும் ஒருங்கே மறைந்தன. இதயம் சிறிது ஒடுங்கிற்று, ஆயினும் பாதியளவிலேயே நின்றது. அது பெருத்ததா அன்றா என்பதை அப்படம் தீர்க்காது என எழுதி, வைத்தியர் கால்வீக்கத்தையும் கழுத்து நாளத்தையும் பார்த்து முடிவு செய்யும்படி விட்டோம். அவர் பார்த்தார், ஊசிமருந்து திரும்பிப் போயிற்று.

மறுநாள் புதுக்குழாய் இட்டபின் எடுத்த கட்டிற்படத்தில், அதன் நுனி இடப்பக்கத்துப் பிரிமென்றகட்டின் கீழே தெளிவாய் நின்றது. அந்தப் படத்தில் இதயத்தின் அகலத்தை எவரும் அளக்கவில்லை.