முற்றுப்புள்ளி எங்கே போச்சு?



சி.சு.செல்லப்பாவின் 'ஜீவனாம்சம்' நாவலை வாங்கிய பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, இருபது பக்கம் தாண்டவில்லை. ஒரே நினைப்பாகவே போகிறதே?"

அப்படித்தான் போகும். 'எழுத்து' இதழில் தொடராக வந்து 1962-ல் நூலான நாவல் அது. சாவித்திரி இளம் விதவை, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். புகுந்த வீட்டாரிடம் ஜீவனாம்சம் கேட்டு வழக்கு நடக்கிறது. வழக்கு அவளுக்காகத்தான், ஆனால் பேசுவதெல்லாம் மற்றவர்கள். வாய்திறக்க இடமில்லாதவள் மனசுக்குள்தானே பேசுவாள்? இதைத்தான் நனவோடை உத்தி என்கிறோம்.

வாக்கியம் இதை எப்படிச் செய்கிறது? நானே ஓர் உதாரணம் எழுதிப் பார்த்தேன். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் ஒரு பெண்.

முதலில் சாதாரணமாக: அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தம்பி வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தாள். அம்மாவை நினைத்தாள். போக வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

இனி நனவோடையாக: ஜன்னலோரம் உட்கார்ந்து, தம்பி வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைத்து, போனால் அவன் பெண்டாட்டி என்ன சொல்வாள், சொல்லமாட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அம்மா இருந்திருந்தால்... வளைவில் வண்டி சாய, மடிப்பையைப் பிடித்து, வீட்டுச் சாவி இருக்கிறதா என்று தடவி, இருக்கிறது. போக வேண்டாம்.

முதலாவதில் நான்கு வினைமுற்று, நான்கு புள்ளி. நமக்குச் செய்தி தெரிகிறது, அவ்வளவுதான். இரண்டாவதில் 'உட்கார்ந்து, நினைத்து' என்று வினையெச்சங்கள் வாக்கியத்தை மூடவிடாமல் இழுத்துப் போகின்றன. பிறகு 'என்று' கழன்றுவிடுகிறது. அங்கிருந்து கதை சொல்பவர் விலகி, அவள் குரல் மட்டும் கேட்கிறது. அம்மாவிடம் வந்ததும் மூன்று புள்ளி, அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. வண்டி சாய்ந்து நினைப்பை அறுக்கிறது. கடைசியில் ஒரு சின்ன வாக்கியம். மனசு ஓரிடத்தில் நின்ற பிறகுதான் முற்றுப்புள்ளி விழுகிறது.

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922-ல் வெளிவந்த 'யுலிசிஸ்' கடைசி அத்தியாயத்தில் நிறுத்தக்குறிகளையே ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டார். நமக்கு அந்த அளவு போக வேண்டிய அவசியமில்லை. வினையை இறுதியில் வைக்கும் தமிழில், முற்றைத் தள்ளிப்போட எச்சமே போதும். நம் ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் இல்லை. அச்சோடு வந்தவை அவை.

எல்லா நீள வாக்கியமும் நனவோடை ஆகாது. சோதிக்க ஒரு வழி உண்டு. நடுவில் புள்ளிகளை வைத்துப் பிரித்துப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால், அந்த நீளம் வெறும் அலங்காரம். ஒரு தயக்கமோ பயமோ காணாமல் போனால், நீளத்துக்கு வேலை இருந்திருக்கிறது.

அந்த மாணவரிடம் சொன்னேன்: "வேகமாகப் படிக்காதே. பத்துப் பக்கம் வாய்விட்டுப் படி. எங்கே மூச்சு வாங்குகிறாயோ, அங்கே சாவித்திரிக்கு என்ன நடக்கிறது என்று பார்."

நீங்களும் படித்துவிட்டு எழுதுங்கள்.