குறிப்பும் பேச்சும்

உறவுப் பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளைக் குறிப்பில் பிறந்த ஆண்டு 1995. பின்னர் வாட்ஸ்அப் உரையாடலில், 2009-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததாக அவரே எழுதினார். 14 வயதிலா? வழக்கமாக அது 17-இல்தான் முடியும். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு. அக்கணக்கில் வயது சொன்னாலும் முப்பதாண்டில் ஓராண்டே வேறுபடும். மூன்றாண்டு இடைவெளிக்கு அது போதாது. பெண்ணின் தந்தை கொதித்தார். குடும்பக் குழுவில் கேட்கவேண்டாமெனத் தடுத்து, நாம் தனியே வினவினோம்: “தம்பி, 2009 என்றது பத்தாம் வகுப்பையோ? எங்களுக்குக் கணக்குப் பிடிபடவில்லை.” பத்தாவதென்றால் வயது ஓரளவு பொருந்தும், அவ்வழியைத் திறந்தே வைத்தோம். அவரோ அதில் நுழையவில்லை. “பன்னிரண்டாவதுதான், ஹஜ்ரத். பிறந்தது 1992. தரகர் குறைத்தெழுதியதை நான் திருத்தவில்லை” என்றார். பள்ளிச் சான்றிதழையும் அனுப்பினார். மூன்று வயது கூடியதைப் பெண்ணிடமே சொல்லி, முடிவை அவளிடம் விட்டோம்.