சர்விஸ் காசும் ஒரு திகதியும்

பொகவந்தலாவைப் பக்கத்து லயத்தில் அத்தைக்காக நான் எழுதிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. “நா பட்ட பாடு ஒன்னையும் எழுதலையே தம்பி” என்று அதில் அவருக்குக் குறை. பாட்டை எழுதினால் பெரிய கிளாக்கர் அனுதாபத்தோடு வாசித்துவிட்டு மேசையில் வைத்துவிடுவார். அலுவலகத்தை அசைக்க வேறு சரக்கு வேண்டும்.

2021 மே முடிவில் அத்தை வேலையை விட்டு நிற்கவிருந்தார். பதிவேட்டில் சேர்ந்த திகதி 22.06.1992 என்று கிடந்தது. எனக்கு அந்தத் திகதியிலேயே சந்தேகம். அரசாங்கம் நடத்திவந்த தோட்டங்கள் கம்பனிகளுக்குக் குத்தகையாகப் போன நாள் அது. 1975இல் அரசுடைமையாகி, ஜனவசமவும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்திவந்த தோட்டங்கள் அன்றுதான் மீண்டும் கைமாறின. புதுப் புத்தகம் திறந்து பெயர்களை இறக்கியவர், பழைய திகதிகளைத் தேட அலுத்துப்போய், கைமாறிய நாளையே போட்டிருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் வரிசையாக ஒரே திகதி நின்றால் அது ஆட்கள் சேர்ந்த நாளல்ல, புத்தகம் சேர்ந்த நாள்.

“எப்ப பேர் பதிஞ்சாங்க அத்த?”

“ஆடிக் கலவரம் நடந்து அடுத்த வருசம். சித்திரை திருநாளுக்குக் கொடி ஏத்தி எறக்கின பொறகு.”

கலவரம் 1983, ஆக 1984 மே மாதம். லயத்து ஞாபகம் இப்படித்தான் ஓடும். பஞ்ச காலம், கலவர வருசம், தாலி ஏறிய வருசம் என்று அது வைத்திருக்கும் அடையாளங்கள் அநேகமாகப் பிசகுவதில்லை. என்றாலும் கடிதத்தில் ‘1984ஆம் ஆண்டளவில்’ என்று எழுதினால் காரியம் கெட்டது; அந்த ‘அளவில்’ போதும், அலுவலகம் தட்டிக்கழிக்க. ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டு கடதாசிக்குப் போய்ச் சேர வேண்டும்.

அத்தையின் மூத்தவன் 1987இல் பிறந்தான். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் தாய் வேலை செய்ததை நிரூபிக்காது. ஆனால் எந்த மாதத்துச் செக்ரோலைப் புரட்ட வேண்டும் என்று காட்டும். பிள்ளைப்பேற்றுக் காசு கொடுத்திருந்தால் அந்த மாதத்தில் அவர் பெயருக்கு எதிரே விழுந்திருக்கும். விழுந்திருந்தது. அதிலிருந்து பின்னுக்குப் புரட்டிப் போனதில் 1984 மே 2ஆம் திகதி முதல் ‘பேர்’ கிடைத்தது. ஊழியர் சேமலாப நிதிக் கணக்கிலும் அதே மாதத்திலிருந்து பணம் கட்டப்பட்டிருந்தது. சேராத ஆளுக்கு யார் சேமலாபம் கட்டுவார்?

அதற்கும் முன்னே, தாயோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்ததையும் சேர்க்கச் சொன்னார் அத்தை. உண்மைதான், ஆனால் துண்டுச் சீட்டுக்கூட இல்லை. காட்ட முடியாத ஒன்றைச் சேர்த்தால் காட்ட முடிந்ததிலும் சந்தேகம் விழும். விட்டுவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். இதைத்தான் நாங்கள் சர்விஸ் காசு என்போம். ‘முடிந்த’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1992 ஜூனிலிருந்து எண்ணினால் 28 வருடமும் 11 மாதமும். அந்த 11 மாதத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. 1984 மே மாதத்திலிருந்து என்றால் முழுதாக 37 வருடம். திகதிகளுக்கு இடையே எட்டு வருடமும் 51 நாட்களும்தான், காசில் ஒன்பது வருடம் போகிறது. ஒன்பது வருடத்துக்கு 126 நாள். அந்த மார்ச்சில்தான் ஆயிரமாகியிருந்த நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால் 126,000 ரூபா.

கடிதத்தைத் தோட்ட முகாமையாளருக்கு எழுதினேன். டிவிஷனில் அத்தையைப் போல லெட்சுமிகள் நாலு பேர் இருப்பார்கள். ஆகவே அப்பா பெயர், செக்ரோல் நம்பர், அடையாள அட்டை, சேமலாப நம்பர் எல்லாம் மேலேயே. நடுவில் இவ்வளவுதான்: “எனது பதிவில் சேர்ந்த திகதி 22.06.1992 எனக் காணப்படுகிறது. நான் சேர்ந்த திகதி 02.05.1984. 1984 மே மாதச் செக்ரோலும் 1987ஆம் ஆண்டின் பிள்ளைப்பேற்றுக் கொடுப்பனவும் இதைக் காட்டும். பதிவைத் திருத்தி எழுத்தில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.” பிரதிகளை மட்டும் இணைத்தோம். எங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் வாங்கினோம். நாளைக்கு ஹட்டன் தொழில் அலுவலகப் படியேற வேண்டி வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இதை வேலையை விட்டு நிற்பதற்கு முன்பே செய்வது நல்லது. காசு கைக்கு வந்த பிறகு கணக்கைக் கிளறினால் துரையும் கிளாக்கரும் வேறு முகம் காட்டுவார்கள். பழைய செக்ரோலும் அதற்குள் கறையானுக்குப் போயிருக்கலாம்.

மறுவாரம் அத்தை திரும்பவும் வந்தார், பின்னால் இரண்டு பெண்கள். அந்தப் பக்கத்தில் அவருக்குக் கீழே பெயர் இருந்தவர்கள். “இவங்களுக்கும் எழுது தம்பி, அதே திகதிதான்” என்றார். முதலில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துவரச் சொன்னேன்.