பதினோரு பெட்டி

கரூரில் ஒரு வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் நான் மென்பொருள் வேலை பார்த்த காலத்தில், ஆர்டர் பிரிவில் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அமெரிக்கப் பெருங்கடைகள் அனுப்பும் கொள்முதல் ஆணைகளை அச்சடித்து எடுத்து, இடது கையில் அடிக்கோல் வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே, எங்கள் கணினியில் விற்பனை ஆர்டராக அடித்து ஏற்றுவார். ஒன்பது வருடமாக இதே வேலை. அந்த வேலையை ஒரு நிரலிடம் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. நிரலை எழுதியவன் நான்.

வாங்குபவரின் கணினியிலிருந்து விற்பவரின் கணினிக்கு நேராக வந்து விழும் கோப்பு அது. இ.டி.ஐ. என்பார்கள். 1948இல் பெர்லினுக்கு விமானங்களில் உணவும் நிலக்கரியும் கொண்டு சேர்த்தபோது, சரக்குப் பட்டியல்கள் ஆளுக்கொரு வடிவில் வந்து குழப்பியதாகவும், எட்வர்ட் கில்பர்ட் என்ற ராணுவ வீரர் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பட்டியல் முறையை உண்டாக்கியதாகவும் இதன் பூர்வகதையைச் சொல்வார்கள். 1979இல் அமெரிக்காவில் இதற்கென்று எக்ஸ்12 என்ற தரக்குழு அமைந்தது. அதில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு. கொள்முதல் ஆணையின் எண் 850.

முதல்முறை பார்ப்பவருக்குக் கோப்பு முழுக்க நட்சத்திரக் குறியாகத் தெரியும். ஆனால் பரம சாது. முதல் பகுதியான ISA எப்போதும் 106 எழுத்துதான். அதன் நான்காவது எழுத்து எதுவோ அதுவே புலங்களைப் பிரிக்கும் குறி, 106ஆவது எழுத்து எதுவோ அதுவே பகுதியை முடிக்கும் குறி. இந்த இரண்டும் தெரிந்தால் மிச்சத்தை வெட்டிப் பிரிப்பது அரைநாள் வேலை. அந்த அரைநாள் வேலை தந்த தைரியத்தில்தான் நான் கெட்டேன்.

2018 செப்டம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் பெரிய வாங்குபவரிடமிருந்து மூன்று ஆணைகள் வந்தன. அவர்களுடைய மூன்று விநியோகக் கிடங்குகளுக்கும் ஒரே சரக்கு, சமையலறைத் துண்டு. சரக்கு ஏற்கனவே அமெரிக்காவில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கில் இருந்தது. எண்களை மட்டும் மாற்றி, முதல் ஆணையின் முக்கியமான வரிகளைத் தருகிறேன்:

```
BEG*00*SA*7731045**20180914~
PO1*1*120*CA*2.10*PE*UP*012345678905*VN*KT204~
PO4*24~
CTT*1~
AMT*TT*6048~
```

BEG வரியில் 00 என்றால் இது புது ஆணை. 01 என்று வந்தால் ரத்து, 05 என்றால் பழையதற்குப் பதில் இது. பிறகு ஆணை எண்ணும் தேதியும். PO1 வரிதான் உயிர்: முதல் உருப்படி, 120, CA, 2.10 டாலர். CA என்றால் பெட்டி. அதை அடுத்த PE, விலை மட்டும் ஒரு துண்டுக்கு என்று சொல்கிறது. பெட்டிக்கு 24 துண்டு என்பது PO4. கடைசி வரி மொத்தத் தொகை.

இப்போது படித்தால் ஒரு சந்தேகமும் வராது. 120 பெட்டி, பெட்டிக்கு 24, ஆக 2,880 துண்டு. துண்டுக்கு 2.10 வீதம் 6,048 டாலர். கோப்பு தன் கணக்கைத் தானே சரிபார்த்துக் கொடுத்திருக்கிறது.

என் நிரல் அந்த CAவைப் படிக்கவே இல்லை. அந்த வாங்குபவர் கொடுத்திருந்த வழிகாட்டிக் கையேட்டில், அளவு எப்போதும் EA, அதாவது துண்டுக் கணக்கில்தான் வரும் என்று போட்டிருந்தது. இரண்டு வருடப் பழைய ஆணைகளை எடுத்துப் பார்த்தேன், எல்லாம் EA. சரி, எப்போதும் ஒரே மதிப்பு வரும் புலத்தை எதற்குப் படிக்க வேண்டும் என்று, விற்பனை ஆர்டரில் நேராக EA என்று எழுதிவிட்டேன். அவர்கள் தங்கள் கணினி அமைப்பை மாற்றினார்கள். அதைச் சொல்லும் மின்னஞ்சல், வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்கு வந்திருந்தது.

ஆக 120 துண்டு என்று ஆர்டர் விழுந்தது. சோதனையே இல்லாமல் இல்லை. பெட்டியை உடைத்து அனுப்ப மாட்டோம் என்பதால், அளவு 24இன் மடங்காக இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். 120ஐ 24ஆல் வகுத்தால் சரியாக 5. தேறிவிட்டது. இரண்டாவது ஆணை 96. அதுவும் மடங்குதான், தேறிவிட்டது. மூன்றாவது 50.

ஐம்பது மடங்கு இல்லை. அங்கே நிரல் நின்றிருக்க வேண்டும். ஆனால் நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு விதி வைத்திருந்தேன்: மடங்கு இல்லாவிட்டால் பக்கத்து மடங்குக்கு மாற்றிவிட்டுப் பதிவேட்டில் ஒரு வரி எழுது. 50 போய் 48 ஆனது. சனிக்கிழமை காலை வீட்டில் காபி குடித்துக்கொண்டே அந்த வரியைப் பார்த்தேன். வாங்குபவர் தப்பாகப் போட்டிருக்கிறார், நம் நிரல் திருத்திவிட்டது என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. இன்றைக்கும் அந்தக் காபியை நினைத்தால் கூசுகிறது.

அந்தப் பக்கத்தில் யாருக்காவது தெரிந்திருக்காதா என்று கேட்கலாம். கோப்பு கிடைத்ததும் நாங்கள் 997 என்ற ஒப்புகையை அனுப்புவோம். அதில் `AK5*A` என்று, ஏற்கப்பட்டது என்ற பொருளில், ஒரு வரி போகும். ஆனால் அங்கே ஏற்கப்பட்டது கோப்பின் இலக்கணம் மட்டும்தான். பதிவுத் தபாலில் கையெழுத்துப் போட்டு வாங்குவது மாதிரி. உள்ளே எழுதியிருப்பதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. நாங்கள் இத்தனை, இந்த விலைக்கு அனுப்புகிறோம் என்று சொல்ல 855 என்று தனியாக ஓர் ஆவணம் இருக்கிறது. அந்த வாங்குபவர் அதைக் கேட்கவில்லை, நாங்களும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் 120 துண்டு என்பது அன்றைக்கே அவர்கள் திரையில் இடித்திருக்கும்.

திங்கட்கிழமை காலை கிடங்கிலிருந்து அனுப்புதல் அறிக்கை வந்தது. அக்காவை அதற்குள் பேக்கிங் ஆவணப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். பழக்க தோஷத்தில் அறிக்கையை வாங்கிப் பார்த்தவர், அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏந் தம்பி, மூணு டி.சி.க்கும் சேத்து பதினோரு பெட்டியா?"

"ஆமாங்க்கா. அவங்க அவ்வளவுதான் கேட்டிருக்காங்க."

"பதினோரு பெட்டிக்கெல்லாம் இவனுக லாரி அனுப்ப மாட்டானுகளே. அதுவும் தேங்ஸ்கிவிங் வர்றப்போ."

கோப்பைத் திறந்து காட்டினேன். அவருக்கு நட்சத்திரக் குறிகள் புரியாது. ஆனால் 6048 என்ற எண்ணில் விரலை வைத்து, "இதென்ன?" என்றார். "மொத்தத் தொகைங்க்கா, நாம அதை எடுத்துக்கறதில்ல" என்று சொல்லும்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 120ஐ 2.10ஆல் பெருக்கினால் 252 டாலர்தான் வரும். 6,048 எங்கே, 252 எங்கே? அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட ஒரே ஒரு வரி நிரல் போதும்.

கேட்டது 266 பெட்டி. போனது 11.

மதியத்துக்குள் திருத்திவிட்டேன். அலகைப் படிக்க வைத்தேன், பெட்டி என்றால் துண்டாக மாற்ற வைத்தேன், கோப்புகளைத் திரும்ப ஓட்டினேன். ஏற்கனவே வந்த கோப்பு என்று நிரல் மறுத்தது. ISA பகுதியில் இருக்கும் கட்டுப்பாட்டு எண்ணை வைத்து, ஒரே கோப்பு இரண்டு தடவை நுழையாமல் தடுத்து வைத்திருந்தேன். அவசரத்தில் அந்தத் தடையை எடுத்துவிட்டு ஓட்டினேன். 120, 96, 50 பெட்டிகளுக்கு மூன்று புது ஆர்டர்கள் அழகாக விழுந்தன. அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"சரி. ஏற்கெனவே போன அஞ்சு பெட்டிய எங்க கழிச்சீங்க?"

கழிக்கவில்லை. ஒரு கோப்பைத் திரும்பப் படிப்பதும் ஓர் ஆணையைத் திரும்ப ஏற்பதும் வேறு வேறு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டுப்பாட்டு எண் காப்பது கோப்பை. ஆணையைக் காக்க வேண்டுமானால் வாங்குபவரும் ஆணை எண்ணும் சேர்ந்த ஜோடியைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஜோடி ஏற்கனவே இருந்து, BEGஇல் மறுபடியும் 00 வந்தால், புதிதாக எதையும் உண்டாக்காமல் ஆளைக் கூப்பிட வேண்டும். மூன்று ஆர்டர்களையும் கையால் திருத்தினோம்: 115, 92, 48. சரக்கு இரண்டாம் லாரியில் போனது. முதல் லாரியில் குறைந்ததற்கு அவர்கள் பில்லில் பிடித்தம் செய்தார்கள். அந்தத் தாளை மேலாளர் ஒன்றும் பேசாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதன்பின் எழுதிய நிரலில் தானாகத் திருத்தும் விதி ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்து மடங்குக்கு மாற்றும் விதியை முதலில் அழித்தேன். அலகு தெரியாததாக இருந்தால், மொத்தத் தொகை இடித்தால், PO4 சொல்லும் 24 எங்கள் பொருள் பட்டியலில் இருக்கும் பெட்டி அளவோடு ஒத்துவராவிட்டால், ஆர்டர் உருவாகும், ஆனால் நிறுத்தத்தில் இருக்கும். கிடங்கின் கண்ணுக்குத் தெரியாது. கோப்பையே திருப்பி அனுப்பிவிடலாமே என்றும் யோசித்தோம். அதில் ஒரு சிக்கல்: ஒரு வரியில் இருக்கும் பிழைக்காக மிச்ச வரிகளின் சரக்கும் தாமதமாகும், அதற்கும் பிடித்தம் உண்டு.

விலை விஷயத்தில் எனக்கும் அக்காவுக்கும் வாக்குவாதம் வந்தது. எங்கள் விலையைவிடக் குறைவாக வந்தால் நிறுத்தலாம், கூடுதலாக வந்தால் விட்டுவிடலாமே, நமக்கு லாபம்தானே என்றேன். "கூடக் குடுத்துட்டு ஆறு மாசம் கழிச்சு ஆடிட்ல புடிச்சு மொத்தமாக் கழிப்பானுக தம்பி. ரெண்டுக்கும் நிறுத்துங்க" என்றார். இரண்டுக்கும் நிறுத்தினேன்.

நிறுத்தப் பட்டியலைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று மேலாளரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அக்கா தன் பழைய நாற்காலிக்கே திரும்பினார். முன்பு நாளெல்லாம் அடித்தவர், இப்போது காலையில் ஒரு மணி நேரம் பட்டியலைப் பார்த்துவிட்டு, மிச்ச நேரம் வாங்குபவர்களுக்குப் போன் போட்டார். ஓர் ஆர்டரை விடுவிக்கும்போது ஏன் விடுவிக்கிறோம் என்று எழுத வேண்டும், எழுதாவிட்டால் பொத்தான் வேலை செய்யாது என்று வைத்திருந்தேன். முதலில் சலித்துக்கொண்டார். பிறகு எழுத ஆரம்பித்தார்.

மாதம் ஒருமுறை அந்தக் காரணங்களை உட்கார்ந்து படிப்பேன். "இந்த டி.சி. எப்பவும் முழு பேலட்தான் எடுக்கும், பாதி வந்தா கேளுங்க" என்று எழுதியிருந்ததை விதியாக்கினேன். "புது கலர், கோட் இன்னும் நம்ம லிஸ்ட்ல ஏறலை" என்பதும் விதியானது. அப்படி ஏழெட்டு விதிகள் சேர்ந்தன. ஒன்றை மட்டும் எப்படி எழுதுவதென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. சோதனை எதிலும் மாட்டாத ஓர் ஆர்டரை அவரே கையால் நிறுத்திவைத்து, மூன்று நாள் கழித்து விடுவித்திருந்தார். காரணம் என்ற கட்டத்தில் இருந்தது: "வாங்கற புள்ள புதுசு. ஒரு தடவ மாத்தி அனுப்பும்னு நெனச்சேன். அனுப்பிருச்சு."