உள் டயர்

மே மாதக் கடைசியில் மறைமலை நகர்ப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து டயர் பட்டறைகளுக்கு ஒரு கடிதம் போகும். பள்ளி திறக்குமுன் எல்லாப் பேருந்துகளின் டயர்களையும் பார்த்துத் தர வேண்டும் என்று போக்குவரத்துப் பொறுப்பாளர் எழுதுவது. வறண்ட கடிதம்தான். ஆனால் விவரம் தெரிந்தவர் எழுதியிருந்தால் அதில் ஒரு வரி தனியாக நிற்கும்: ‘பின்சக்கர உள் டயர்களும் ஸ்டெப்னியும் உட்பட.’

அந்த வரிக்குக் காரணம் உண்டு. 2012 ஜூலையில், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதே ஆண்டு தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. அதுமுதல் ஒவ்வொரு கோடையிலும் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்கள். அவசரக் கதவு, தீயணைப்பான், தரைப்பலகை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். உள் டயரின் காற்று தெரியாது.

ஓட்டுநர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரும்புக் கம்பியால் டயரை ஒரு தட்டு தட்டுவார்கள். ‘டங்’ என்றால் சரி, ‘தொப்’ என்றால் பஞ்சர். பார்க்க வித்தைபோல இருக்கும். முழுக்கக் காற்று இறங்கிய டயரை அது காட்டிக்கொடுத்துவிடும், கால் பங்கு இறங்கியதைக் காட்டாது. கெடுதலோ அந்தக் கால் பங்கில்தான் தொடங்குகிறது.

வெளி டயரில் 100 பிஎஸ்ஐ, உள்ளே 75 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே அச்சில் முடுக்கப்பட்டவை, சேர்ந்தே சுற்றியாக வேண்டும். காற்றுக் குறைந்தது அமுங்கி உருளும் அளவில் சற்றுச் சிறிதாகிவிடுவதால் தார்ச்சாலையில் இழுபட்டுத் தேயும். அதன் பங்குச் சுமையும் வெளி டயர்மேல் ஏறும். உள் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும், உள்ளிருக்கும் இழைகள் தளரும். கோடை முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் காற்று தானாகவே இறங்கியிருக்கும் என்பதால் ஜூன் முதல் வாரம்தான் இந்தக் கெடுதலுக்குத் தோதான காலம்.

 

கடிதத்துக்குப் பதிலாக ‘எல்லாம் ஓகே’ என்று ஒற்றை வரியில் சீட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். வண்டிக்கு ஆறு சக்கரம், ஒரு ஸ்டெப்னி. ஏழுக்கும் காற்றளவு, பட்டன் ஆழம், தயாரித்த வாரம் மூன்றும் வேண்டும். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23ஆவது வாரம். ஸ்டெப்னியில் பட்டன் புதிதுபோலவே இருக்கும், வயதை அந்த நாலு இலக்கம்தான் சொல்லும்.

நல்ல பட்டறைக்காரர் பதிலுக்கு ஒன்று கேட்பார்: வண்டியை முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்து விட்டுவிடுங்கள். ஓடிவந்த சூட்டில் பார்த்தால் காற்று கூடுதலாகக் காட்டும்.