மாத்திரைப் பெயருக்கும் விகுதி உண்டு

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். புதிய பெயர் எதைக் கண்டாலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். எங்கள் உடல்நல நிகழ்ச்சிக்காக மருந்துப் பெயர்களை அப்படிச் சொல்லிப் பார்த்தபோதுதான் அவற்றின் வால் என் காதில் விழுந்தது. டயஸெபாம், லோரஸெபாம், நைட்ரஸெபாம். பிறகு அல்ப்ரஸோலாம், மிடஸோலாம். 'வந்தான்' என்றால் ஆண், 'வந்தாள்' என்றால் பெண் என்று விகுதியை வைத்துச் சொல்கிறோம் அல்லவா? இவற்றுக்கும் விகுதி உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் மருந்துகளுக்குப் பொதுப்பெயர் வைக்கும்போது, ஒரே குடும்பத்து மருந்துகளுக்குப் பெரும்பாலும் ஒரே அசையைத் தருகிறது. 'அஸெபாம்', 'அஸோலாம்' என்று முடிந்தால் அது பென்ஸோடயஸெபைன் குடும்பம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் மாத்திரைகள்.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அது நாட்டுக்கு நாடு மாறும். அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் பொதுப்பெயர்தான் மாறாதது.

இது எனக்குப் பயன்பட்டது கிள்ளானில் இருக்கும் என் அத்தை வீட்டில். மாமா தவறிய பிறகு அவருக்குத் தூக்கமில்லை. கிளினிக்கில் லோரஸெபாம் 1 மில்லிகிராம் கொடுத்திருந்தார்கள். இதற்கிடையில், சென்னைக்குப் போன உறவினர் "டென்ஷனுக்கு நல்லது" என்று வேறொரு அட்டையை வாங்கி வந்து கொடுத்திருந்தார். ஒன்று தூக்கத்துக்கு, இன்னொன்று டென்ஷனுக்கு என்று நினைத்து, அத்தை இரண்டையும் இரவில் போட்டு வந்தார். காலையில் குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிரஷர் இறங்கிவிட்டது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

சென்னை அட்டையின் பொடி எழுத்தைப் படித்தேன். அல்ப்ரஸோலாம், 0.25 மில்லிகிராம். "அத்தை, ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க" என்றேன்.

மூளையில் காபா என்றொரு ரசாயனம் இருக்கிறது. நரம்புகளின் பரபரப்பை அடக்கும் பிரேக் அது. இந்தக் குடும்பத்து மாத்திரை எதுவானாலும் அந்த ஒரே பிரேக்கைத்தான் அழுத்துகிறது. இரண்டைச் சேர்த்துப் போட்டால் இரண்டு வேலை நடக்காது. ஒரே வேலை அதிகமாக நடக்கும். வயதானவர்களின் உடலிலிருந்து மருந்து மெதுவாக வெளியேறும் என்பதால், இரவு போட்டதன் மயக்கம் காலையிலும் மிச்சமிருக்கும். மதுவோ, மார்ஃபின் வகை வலி மருந்தோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும்.

"அப்ப இன்னிக்கே ரெண்டையும் தூக்கிப் போட்டுடறேன்" என்றார் அத்தை. அதுதான் கூடாது. சில வாரங்கள் தொடர்ந்து போட்டாலே மூளை அந்தப் பிரேக்குக்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மையும் நடுக்கமும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். சிலருக்கு வலிப்பே வரும். அத்தை நான்கு மாதமாகப் போட்டு வந்தவர். இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த இரண்டு மாதத்துக்கும் மேல் ஆனது.

இப்படிப் பழகிப்போகும் குணம்தான் அட்டையில் உள்ள அடையாளங்களுக்குக் காரணம். இந்திய அட்டையில் சிவப்பில் 'என்ஆர்எக்ஸ்' என்று இருந்தது. போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வரும் மருந்து என்று பொருள். 2014 முதல் அங்கே அல்ப்ரஸோலாமை 'எச்1' பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்த மருத்துவர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் இவை 1952 ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. கிளினிக் உறையில் 'உபாட் தெர்காவால்', அதாவது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்ற சொற்களைப் பார்க்கலாம். பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணில் இலக்கங்களுக்குப் பிறகு 'ஏ' என்ற எழுத்து இருந்தால், அது அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள மருந்து. ('எக்ஸ்' என்றால் அட்டவணையில் இல்லாதது.) அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு முறுக்குப் பொட்டலமா இது?

காதை மட்டும் நம்பவும் முடியாது. வயிற்றுப் புளிப்புக்குப் போடும் ஒமெப்ரஸோல், அல்ப்ரஸோலாமைப் போலவே ஒலிக்கும். ஆனால் 'ஓல்' வேறு, 'ஓலாம்' வேறு. லோரஸெபாமைப் போலத் தொடங்கும் லோரடடின் வெறும் அலர்ஜி மாத்திரை. மறுபக்கம், ஸோல்பிடெம், ஸோபிக்ளோன் இரண்டுக்கும் அந்த வால் இல்லை. ஆனாலும் அதே பிரேக்கைத்தான் அழுத்துகின்றன. குளோர்டயஸெபாக்ஸைடு அந்தக் குடும்பத்திலேயே மூத்தது, அதற்கும் வால் இல்லை. அதனால் விகுதி இருந்தால் கேள்வி கேட்கலாம். இல்லையென்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அத்தை இப்போது அட்டையைக் கத்தரிக்கும்போது, பெயர் அச்சிட்ட பக்கத்தைக் கடைசி மாத்திரை வரை விட்டுவைக்கிறார்.