பொங்கலுக்குத் திறந்த டப்பா

பொங்கலுக்கு மகள் கைக்குழந்தையோடு வந்தபோது திறந்த பால் பவுடர் டப்பா, சித்திரையில் அவள் மறுபடி வந்தபோதும் அலமாரியில் இருந்தது. பாதிக்கு மேல் மீதி. அடியில் அச்சடித்த தேதிக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. "அப்புறம் என்ன, கலக்குங்க" என்றாள் மனைவி. நானும் வெந்நீர் வைத்துவிட்டேன்.

மகள் டப்பாவை வாங்கி, பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். திறந்தபின் 4 வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டுமாம். அடியில் உள்ள தேதி திறக்காத டப்பாவுக்குத்தான். மூடியைத் திறக்கத் திறக்கக் காற்றும் ஈரமும் உள்ளே போய், பவுடரில் உள்ள கொழுப்பு கெடத் தொடங்குகிறது. வைட்டமின் சத்தும் குறைகிறது. முகர்ந்து பார்த்தேன். லேசாகச் சிக்கு வாடை. ஓரத்தில் கட்டி வேறு.

"வாடை இல்லேன்னாலும் கொட்டத்தான்பா வேணும். ஈரக் கரண்டியில கிருமி போயிருந்தா மூக்குக்குத் தெரியாது" என்றாள்.

"ஃபிரிட்ஜில் வைத்திருக்கலாமோ?"

"கூடாதுப்பா. வெளியே எடுக்கும்போதெல்லாம் ஈரம் கோத்துக்கும். மூடியை இறுக்கி, அடுப்புக்குத் தள்ளி வச்சாப் போதும்."

நம் காப்பிக்காவது ஆகும் என்று மனைவி எடுத்து வைக்கப் பார்த்தாள். சிக்கு வாடைக் காப்பி எனக்கு வேண்டாம் என்று கொட்டிவிட்டேன். கடைக்குப் போய் 400 கிராம் டப்பா வாங்கி வந்தேன். பெரியது வாங்கினால் மறுபடி மிஞ்சும். திறந்த தேதியை மூடியிலேயே மார்க்கரால் பெரிதாக எழுதினேன், கண்ணாடி இல்லாமலே தெரிகிற மாதிரி.